ஐந்து வரை எண்ணக் கற்றுத்தரும் பாவை நிகழ்ச்சி: மூன்று திட்டங்களில் எதை எடுப்பது?

கோத்தகிரி, குன்னூர் பகுதிகளின் தேயிலை எஸ்டேட் அங்கன்வாடிகளில் 3 வயது முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் காட்டுவதற்காக, கைப்பாவைகளை வைத்து 12 நிமிட நிகழ்ச்சி ஒன்றை எங்கள் சிறு குழு தயாரிக்கிறது. முதல் பாடம் ஐந்து வரை எண்ணுதல் என்பது முடிவாகிவிட்டது. அந்தப் பாடத்தை எந்த அமைப்பில் தருவது, எதை எத்தனை முறை திரும்பக் காட்டுவது, பாட்டை எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் குழுவுக்குள் மூன்று கருத்துகள் எழுந்தன. மூன்றுக்கும் உலகத் தொலைக்காட்சியில் நன்கு சோதிக்கப்பட்ட முன்மாதிரிகள் இருப்பதால், அவற்றை எங்கள் மலைக் குழந்தைகளின் நிலைமையோடு சேர்த்து எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில், குழந்தை எண்ணக் கற்றுக்கொள்வது என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ரோச்சல் கெல்மன், சார்லஸ் காலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள் 1978-இல் வெளியிட்ட நூலில், எண்ணுதலுக்குள் பல தனித்தனி அறிவுகள் அடங்கியிருப்பதைப் பிரித்துக் காட்டினார்கள். எண்களின் பெயர்களை எப்போதும் ஒரே வரிசையில் சொல்வது ஒன்று. ஒரு பொருளுக்கு ஒரே ஓர் எண்ணை மட்டும் சொல்லி, எதையும் விடாமலும் இருமுறை தொடாமலும் போவது இன்னொன்று. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் எத்தனை என்பதற்கான விடை என்று உணர்வது மூன்றாவது. பெற்றோர் பெருமையோடு கேட்கும் "ஒண்ணு, ரெண்டு, மூணு" முதலாவது அறிவு மட்டுமே. பத்து வரை தடையின்றிச் சொல்லும் மூன்று வயதுக் குழந்தையிடம் கூடையை நீட்டி "மூணு கேரட் எடுத்துக் கொடு" என்றால், கைக்கு வந்ததை அள்ளிக் கொடுப்பது மிகவும் சாதாரணம். ஆகவே பாடத்தின் இலக்கு வரிசையை ஒப்பிப்பது அன்று. இரண்டாவதையும் மூன்றாவதையும் பிடிப்பதே. மூன்று திட்டங்களையும் இந்த அளவுகோலால்தான் நான் அளக்கிறேன்.

முதல் திட்டம், பல சிறு துண்டுகளைக் கோத்துத் தருவது. இதன் முன்னோடி 1969 நவம்பரில் அமெரிக்காவில் தொடங்கிய செசமி ஸ்ட்ரீட். ஒரு மணி நேரத்துக்குள் பாவைக் காட்சி, தெருக் காட்சி, கார்ட்டூன், பாட்டு என்று பல துண்டுகள் வரும். அன்றைய எழுத்தும் எண்ணும் வெவ்வேறு வேடங்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். தயாரிப்பாளருக்கு இதில் பெரிய வசதி உண்டு. சோதனையில் தோற்ற ஒரு துண்டை எடுத்துவிட்டு மற்றவற்றை வைத்துக்கொள்ளலாம். எழுத்துகளைத் தேடும் துப்பறிவாளர் ஒருவரை நாயகராக்கி எடுத்த காட்சிகள் குழந்தைகளைக் கவரவில்லை என்று தெரிந்ததும், நிகழ்ச்சி தொடங்குமுன்பே அவற்றைக் கைவிட்டார்கள். அதைவிட முக்கியமான பாடம் 1969 ஜூலையில் பிலடெல்பியாவில் நடந்த முன்னோட்டச் சோதனையில் கிடைத்தது. கற்பனையையும் நிஜத்தையும் கலந்தால் குழந்தைகள் குழம்பிப்போவார்கள் என்ற வல்லுநர் அறிவுரைப்படி தெருக் காட்சிகளில் மனிதர்களை மட்டும் வைத்திருந்தார்கள். பாவை வரும்போது திரையை விட்டுக் கண்ணெடுக்காத குழந்தைகள், தெருக் காட்சி வந்ததும் வேறு பக்கம் திரும்பினார்கள். அந்த அறிவுரையை மீறி மனிதர்களோடு ஒரே தெருவில் நடமாடப் பிறந்தவைதான் பெரிய மஞ்சள் பறவையும் குப்பைத் தொட்டிக்குள் குடியிருக்கும் ஆஸ்கரும்.

எண்ணும் பாடத்துக்குத் துண்டு முறை தரும் உண்மையான நன்மை, ஒரே எண் பல பொருள்களின் மேல் வருவது. மலை ரயிலின் பெட்டிகள், உருளைக்கிழங்கு, செருப்பு ஜோடி என்று ஐந்தை எங்கெங்கோ பார்க்கும் குழந்தை, ஐந்து என்பது குறிப்பிட்ட ஒரு பொருளின் பெயரன்று என்று புரிந்துகொள்ள வழி கிடைக்கிறது. ஆனால் விலையும் உண்டு. ஒவ்வொரு துண்டும் புதிய இடம், புதிய ஆள், புதிய நகைச்சுவை. இங்கே எங்கே இருக்கிறோம், யார் பேசுகிறார்கள் என்று பிடிபடுவதற்குள் துண்டு முடிந்துவிடும். எங்கள் மையங்களில் வீட்டில் படுகர் மொழி பேசும் குழந்தை, இருளர் மொழி பேசும் குழந்தை, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் தமிழ் பேசும் குழந்தை எல்லாரும் ஒரே பாயில் உட்காருகிறார்கள். சிறுவர் தொலைக்காட்சியை ஆராய்ந்த டேனியல் ஆண்டர்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும், புரியாத மொழியில் குரல் மாற்றப்பட்ட துண்டுகளையும் காட்சி வரிசை கலைக்கப்பட்ட துண்டுகளையும் குழந்தைகள் குறைவாகவே பார்க்கிறார்கள் என்று காட்டினார்கள். வண்ணமும் ஓசையும் ஈர்ப்பதால் குழந்தை பார்க்கிறது என்று நாம் நினைக்கிறோம். புரிவதால்தான் பெரிதும் பார்க்கிறது. அடிக்கடி இடம் மாறும் வடிவம், பாதித் தமிழ் மட்டும் புரியும் குழந்தையைத்தான் முதலில் கைவிடும். செசமி ஸ்ட்ரீட்டும் சிறிய வயதினருக்காக 1998-இல் எல்மோவின் உலகம் என்ற பகுதியைச் சேர்த்தபோது, ஒரே பாவை, ஒரே அறை, ஒரே தலைப்பு, ஒவ்வொரு நாளும் மாறாத ஒரே ஒழுங்கு என்று அமைத்தது.

இரண்டாவது திட்டம், ஒரு வாரத்துக்கு ஒரு பொருளை எடுத்துக்கொண்டு நாளுக்கொரு புதிய பாகமாகக் கதையை நகர்த்துவது. பிரெட் ரோஜர்ஸ் 1968 முதல் அமெரிக்கா முழுவதும் நடத்திய நிகழ்ச்சியில் இந்த வார அமைப்பை நிதானமாகக் கையாண்டார். அவரே பாட்டுப் பாடி, காலணி மாற்றி, சிறிய டிராம் வண்டி ஒன்றை அனுப்பிக் குழந்தைகளைப் பாவைகளின் கற்பனை ஊருக்குக் கூட்டிப்போவார். மீண்டும் வீட்டுக்கு வந்து அங்கே நடந்ததைப் பற்றி அமைதியாகப் பேசுவார். அச்சம், கோபம், பிரிவு போன்றவற்றுக்கு இதைவிட நல்ல வடிவம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அம்மா விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் போய்விடும் வீட்டுக் குழந்தைக்கு அந்தப் பிரிவைப் பற்றி ஒரு வாரம் பாவைகளோடு பேச வேண்டும் என்றால், இதையே எடுப்பேன். எண்ணுதலுக்கு எடுக்கமாட்டேன். நேற்றைய பாகத்தை நினைவில் வைத்திருந்தால்தான் இன்றையது விளங்கும். மழைக்காலத்திலும் கொழுந்து அதிகமாக வரும் மாதங்களிலும் மையத்துக்கு வரும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறி இறங்கும். செவ்வாய்க்கிழமை வராத குழந்தைக்குப் புதன்கிழமைக் கதை வாசல் திறக்காது. தவிர, ஐந்து பாகங்களைப் படமெடுக்க வேண்டும். எங்கள் கையில் உள்ள நேரத்தில் ஐந்தையும் சுமாராக எடுப்பதைவிட ஒன்றை நன்றாக எடுப்பதே மேல்.

மூன்றாவது திட்டம் முதலில் கேட்கும்போது சோம்பேறித்தனமாகத் தோன்றும்: ஒரே பாகத்தைத் திங்கள் முதல் வெள்ளி வரை மாற்றமின்றிக் காட்டுவது. 1996-இல் வந்த புளூஸ் குளூஸ் என்ற நிகழ்ச்சி இப்படித்தான் ஒளிபரப்பானது. அதில் முக்கியப் பாத்திரம் பாவையன்று, வரைந்த நாய்க்குட்டி. ஆனாலும் திட்டமிடும் முறை பாவை நிகழ்ச்சிக்கு அப்படியே பொருந்தும். திரையிலிருப்பவர் குழந்தையைப் பார்த்துக் கேள்வி கேட்டு, பெரியவர்களுக்குச் சங்கடமாகத் தோன்றும் அளவுக்குக் காத்திருப்பார். ஒரே பாகத்தை ஐந்து நாள் பார்த்த குழந்தைகளை ஒரே முறை பார்த்தவர்களோடு ஒப்பிட்டு 1999-இல் வெளியான ஆய்வு, திரும்பப் பார்க்கப் பார்க்கப் புரிதலும், திரையை நோக்கி வாய்விட்டு விடை சொல்வதும் கூடியதைக் காட்டியது. முதல் நாள் குழந்தையின் கவனமெல்லாம் கதையைப் பிடிப்பதிலேயே செலவாகிறது. கதை தெரிந்துவிட்ட மூன்றாம் நாளில்தான் பாடத்தைக் கவனிக்க மனதில் இடம் காலியாகிறது. எங்கள் மையங்களில், ஒரு நாள் வராத குழந்தைக்கும் இழப்பில்லை. மொழி பாதி புரிந்த குழந்தைக்கு மறுநாளும் அதே வாக்கியம் அதே இடத்தில் கிடைக்கும்.

ஆகவே மூன்றாவது திட்டத்தையே தேர்ந்தெடுக்கப் பரிந்துரைக்கிறேன். ஆனால் ஐந்து நாள் திரும்ப வரும் நிகழ்ச்சியில் ஒரு பிழை இருந்தால் அதுவும் ஐந்து நாள் பதியும் என்பதால், உள்ளே என்ன வைக்கிறோம் என்பதில் மற்ற இரண்டையும்விட அதிக எச்சரிக்கை தேவை.

முதல் எச்சரிக்கை, பாடம் கதையின் நடுவில் இருக்க வேண்டும் என்பது. செசமி நிறுவனத்தில் ஆய்வுப் பொறுப்பில் இருந்த ஷாலம் ஃபிஷ் 2000-இல் முன்வைத்த கருத்துப்படி, கதையைப் புரிந்துகொள்வதும் பாடத்தைப் புரிந்துகொள்வதும் குழந்தையின் அதே குறுகிய மன இடத்துக்குப் போட்டியிடுகின்றன. பாடம் கதையிலிருந்து விலகியிருந்தால் கதைதான் வெல்லும். எங்கள் முதல் வரைவில் காட்டெருமைக் கன்றுப் பாவையான மாரி, காணாமல்போன தன் மணியைத் தேடிக்கொண்டு போகும் வழியில் ஐந்து பூக்களை எண்ணுவதாக இருந்தது. பூக்களை எண்ணாவிட்டாலும் மணி கிடைக்கும். எனவே அது சுவையான கதையாக இருந்தாலும் எண்ணும் பாடமாகாது. புதிய வரைவில், மூடுபனி விலகாத காலையில் கொழுந்து பறித்துவிட்டு ஐந்து பேர் குளிரோடு வருகிறார்கள். பாட்டி தேநீர் கொதிக்க வைக்கிறாள். அலமாரியிலிருந்து ஐந்து டம்ளரை எடுத்துத் தட்டில் வைக்கும் வேலை மாரியுடையது. மாரி அவசரத்தில் வாயால் ஐந்து வரை சொல்லிவிடுகிறது, தட்டில் வைத்ததோ நான்கு. எல்லாரும் டம்ளரை எடுத்துக்கொள்ள, கடைசியாக வந்த அக்காவின் கை வெறுமையாக நிற்கிறது. இங்கே எண்ணுவதில் நேர்ந்த தவறுதான் கதையின் சிக்கல், சரியாக எண்ணுவதுதான் அதன் தீர்வு. இதைக் கதையிலிருந்து உருவி எடுக்க முடியாது.

இரண்டாம் முறை எண்ணும் காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனெனில் மொத்தப் பாடமும் அந்த ஒன்றரை நிமிடத்தில்தான் இருக்கிறது. டம்ளர்கள் அலமாரியில் இருக்கும்போதே தொட்டு எண்ணினால் எது எண்ணியது, எது எண்ணாதது என்பது குழந்தைக்குத் தெரியாமல் போகும். ஆகவே ஒவ்வொன்றாகத் தட்டுக்கு இடம் மாற்றி எண்ண வேண்டும். ஒரு டம்ளர் தட்டில் பட்டு "டங்" என்ற ஒலி எழும் அதே கணத்தில் எண்ணின் பெயர் வர வேண்டும். குழந்தையின் கண் இயல்பாகவே பேசும் பாவையின் முகத்துக்குத்தான் போகும் என்பதைச் செசமி ஸ்ட்ரீட்டுக்காக 1970-களில் நடந்த கண்ணசைவு ஆய்வுகள் காட்டின. திரையில் ஒருபுறம் வேடிக்கையான பாத்திரமும் மறுபுறம் எழுத்துமாக வைத்தால் எழுத்தை யாரும் பார்ப்பதில்லை. எனவே எண்ணும்போது மாரியின் முகம் தட்டுக்கு மேலே குனிந்து, வாயும் டம்ளரும் ஒரே சட்டத்துக்குள் அருகருகே இருக்க வேண்டும். பாட்டி, அடுப்பு, சன்னல் எல்லாம் அந்த நேரத்துக்குத் திரையை விட்டு விலக வேண்டும். பாவையை இயக்குபவருக்கு இன்னொரு வேலை உண்டு. பழகாத கை, சொல் வரும்போது பாவையின் வாயை மூடிவிடும். கடித்துத் தின்பதுபோல் தெரியும் இந்தத் தவறு எண்ணும் காட்சியில் பாடத்தையே கெடுக்கும். சொல் பிறக்கும்போது வாய் திறக்க வேண்டும், முடிந்ததும் மூட வேண்டும்.

ஐந்தாவது டம்ளர் வந்ததும் அக்கா, "மொத்தம் எத்தனை?" என்று கேட்கிறாள். மாரி விடை சொல்லாமல் மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. கடைசி எண்ணே மொத்தம் என்று இன்னும் அறியாத குழந்தைகள் செய்வது இதேதான் என்பதால், தங்களைப் போன்ற ஒருவரைத் திரையில் அவர்கள் பார்க்கிறார்கள். "கடைசியா என்ன சொன்னே?" என்று அக்கா கேட்கிறாள். "அஞ்சு." "அப்ப, இங்க இருக்கறது?" இங்கே நான்கு விநாடி அமைதி. படத்தொகுப்பில் இந்த அமைதியைத்தான் வெட்டத் தோன்றும், வெட்டக் கூடாது. மாரி விடையைச் சொல்லுமுன் குழந்தை சொல்வதற்கான இடம் அதுதான்.

செசமி ஸ்ட்ரீட்டின் தொடக்க நாள்களில், நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் எழுத்துகளை நீண்ட இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகச் சொல்லும் சிறு படத்தைப் பார்த்த குழந்தைகளிடம் ஓர் ஒழுங்கு தென்பட்டது. முதலில் அவர் சொன்னபின் சொன்னார்கள். மறுமுறைகளில் எழுத்து தோன்றியதும், அவர் வாய் திறக்குமுன் சொன்னார்கள். பிறகு எழுத்து தோன்றுவதற்கு முன்பே சொன்னார்கள். ஒரே பாகத்தை ஐந்து நாள் காட்டும் நமக்கு இது கையில் கிடைத்த அளவுகோல். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. வியாழக்கிழமை "அஞ்சு" என்று முன்கூட்டிக் கத்தும் குழந்தை எண்ணக் கற்றிருக்கலாம், அல்லது மாரியின் கதையில் விடை எப்போதும் அஞ்சு என்று மனப்பாடம் செய்திருக்கலாம். இவை இரண்டையும் திரை முன்னால் பிரித்தறிய முடியாது.

பாட்டின் இடம் பற்றித்தான் குழுவில் அதிக விவாதம் நடந்தது. எண்ணும் காட்சியையே பாட்டாக்கிவிடலாம் என்பது இசையமைக்கும் நண்பரின் விருப்பம். பாட்டு சொற்களின் வரிசையை மிக உறுதியாகப் பதியவைக்கும் என்பதில் ஐயமில்லை. அதனாலேயே அது ஆபத்தும் ஆகிறது, ஏனெனில் வரிசை மட்டும் பதிந்து பொருள் பதியாமலே குழந்தை மகிழ்ச்சியாகப் பாடிக்கொண்டிருக்கும். நம் மொழியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பேச்சில் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு என்று ஐந்துமே ஈரசைகளாக ஒலிக்கின்றன. மெட்டு இழுத்து "ஒண்… ணு…" என்று இரண்டு தாளத்தில் விழுந்தால், குழந்தையின் விரல் முதல் டம்ளரில் "ஒண்" என்றும் இரண்டாவதில் "ணு" என்றும் போய்விடும். பிறகு ஒரு பொருளுக்கு ஓர் எண் என்ற பாடம் எங்கே நிற்கும்? எனவே எண்ணும் காட்சியில் பாட்டு வேண்டாம், பேச்சு போதும் என்பது என் உறுதியான நிலை. பாட்டு, அக்காவின் கைக்கு டம்ளர் கிடைத்தபின் முடிவில் வரட்டும். அதிலும் ஓர் எண் ஒரே தட்டலுக்குள் அடங்க வேண்டும், தட்டலுக்குத் தட்டல் ஒரு டம்ளர் திரையில் தோன்ற வேண்டும், அஞ்சு என்று முடிந்ததும் மெட்டு நின்று "மொத்தம் அஞ்சு" என்று ஒரு வரி வர வேண்டும். தொடக்கப் பாட்டு வேறு வேலைக்கு உரியது: நிகழ்ச்சி தொடங்கிவிட்டது என்று அழைக்கவும், சிதறிக் கிடக்கும் குழந்தைகள் பாயில் வந்து உட்காரவும் 30 விநாடி போதும், அதில் பாடம் எதையும் திணிக்க வேண்டியதில்லை.

துண்டு முறையிலிருந்து ஒன்றை மட்டும் கடன் வாங்கலாம். ஐந்து டம்ளரையே பார்த்த குழந்தை டம்ளரை மட்டும் எண்ணக் கற்றுவிடக் கூடும் என்ற குறையை, படத்தை மாற்றாமல், படம் முடிந்தபின் டீச்சர் தரும் பொருளை மாற்றித் தீர்க்கலாம். திங்களன்று டம்ளர், செவ்வாயன்று உருளைக்கிழங்கு, புதனன்று வாசலில் கழற்றிய செருப்புகள் என்று மையத்தில் இருப்பதே போதும். வியாழனன்று ஐந்துக்குப் பதில் நான்கை வைத்துக் கேட்டால் முன்சொன்ன பொறியும் வெளிப்பட்டுவிடும்.

படமெடுத்து முடித்துப் பரப்புவதற்கு முன் இரண்டு சோதனைகள் வேண்டும். ஒன்று கவனத்துக்கு. செசமி ஸ்ட்ரீட்டின் ஆய்வாளர் எட்வர்ட் பாமர், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இன்னொரு திரையில் 7.5 விநாடிக்கு ஒரு முறை மாறும் வண்ணப் படங்களைக் காட்டி, குழந்தை எந்த நொடிகளில் நிகழ்ச்சியை விட்டு அங்கே பார்க்கிறது என்று குறித்தார். இரண்டாவது கைப்பேசியில் மலைக் காட்சிகளையும் விலங்குப் படங்களையும் ஓடவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு குழந்தையாக இதை நாமும் செய்யலாம். பல குழந்தைகள் ஒரே இடத்தில் கண் திருப்பினால் அந்தக் காட்சி புரியவில்லை அல்லது நீள்கிறது என்று பொருள். ஆனால் இந்தக் குறிப்பு கற்றலைச் சொல்லாது. ஆண்டர்சன் குழுவின் 1979-ஆம் ஆண்டு ஆய்வில், பொம்மைகளோடு விளையாடிக்கொண்டே பாதி நேரம் மட்டும் திரையைப் பார்த்த ஐந்து வயதுக் குழந்தைகள், பொம்மையின்றிப் பார்த்தவர்களுக்குக் குறையாமல் புரிந்துகொண்டிருந்தார்கள். ஆகவே வேறு பக்கம் பார்க்கும் குழந்தையைத் திருப்பி உட்காரவைக்கவும் தேவையில்லை.

இரண்டாவது சோதனைதான் முடிவைத் தீர்மானிக்கும். பத்துப் பன்னிரண்டு கேரட் உள்ள கூடையிலிருந்து "ரெண்டு கொடு", "மூணு கொடு", "அஞ்சு கொடு" என்று தனித்தனியாகக் கேட்டு, படம் பார்ப்பதற்கு முந்தைய வெள்ளியும் பிந்தைய வெள்ளியும் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டைச் சரியாகத் தந்துவிட்டு மூன்றுக்கு அள்ளித் தரும் குழந்தை இரண்டு வரை அறிந்த குழந்தை. குழந்தைகள் பெரும்பாலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியாகவே ஏறுகிறார்கள், ஒவ்வொரு படிக்கும் மாதங்கள் ஆகலாம். ஆகையால் ஒரே வாரத்தில் இரண்டிலிருந்து ஐந்துக்குத் தாவவில்லை என்பதற்காகப் படம் தோற்றதாகக் கொள்ளக் கூடாது. அள்ளித் தந்த குழந்தை இப்போது தவறாகவேனும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எண்ணத் தொடங்கியிருந்தால், அதையே முன்னேற்றமாகக் குறிக்கலாம்.

இந்தத் திட்டத்தில் எனக்கு இன்னும் கவலை தரும் இடம் ஒன்றே: ஒரே பாயில் மூன்று வயதும் ஐந்து வயதும் உட்காருவது. நான்கு விநாடி அமைதியை ஐந்து வயதுக் குழந்தைகள் முதல் விநாடியிலேயே நிரப்பிவிட்டால், யாருக்காகக் காத்திருந்தோமோ அந்தச் சிறியவர்களுக்கு எண்ண வாய்ப்பே இராது. அதற்காக, மூன்றாம் நாளிலிருந்து அந்தப் பெரிய குழந்தைகளைத் திரைக்குப் பக்கத்தில் தட்டும் டம்ளருமாக உட்காரவைத்து, மாரியோடு சேர்ந்து வாய் பேசாமல் டம்ளரை எடுத்து வைக்கும் பொறுப்பை அவர்களிடம் தரலாம் என்று மைய டீச்சர்களிடம் கேட்டிருக்கிறோம். இது நடைமுறையில் சரிவந்தால் அதே 12 நிமிடம் இரு வயதினருக்கும் போதும். வராவிட்டால் பெரிய குழந்தைகளைப் படத்துக்குப் பிந்தைய வேலைக்கு மட்டும் அழைத்து, படத்தைச் சிறியவர்களுக்கே தனியாகக் காட்ட வேண்டியிருக்கும்.